நன்றி மெயிலில் வந்த ஈரப்பதம்

இன்டர்வியூ முடிந்ததும் நன்றி சொல்லி மெயில் போடும் பழக்கம் எங்கள் மில் உலகத்தில் கிடையாது. ஐ.டி. கம்பெனிகளில் உண்டு என்று என் தம்பி மகன் சொல்கிறான். அமெரிக்காவில் படித்தவர்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களாம், ஒரு நாளைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று. எங்களிடம் வேலை கேட்டு வருகிறவர் எழுந்து கும்பிடுவார், போகிற போக்கில் ஹெச்.ஆர். மேடத்திடம் "எப்பங்க சொல்லுவீங்க" என்பார், அத்தோடு சரி. இந்த ஐந்தாறு வருடமாகத்தான் எப்போதாவது ஒன்றிரண்டு வருகின்றன. பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு நன்றி, தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கெடுக்க ஆவலோடு காத்திருக்கிறேன், இப்படிக்கு இன்னார். கம்பெனி பெயரை மட்டும் மாற்றி பிஸ்கட் கம்பெனிக்கும் அனுப்பலாம், சிமெண்ட் கம்பெனிக்கும் அனுப்பலாம். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வருத்தமில்லை, மார்க் போடும்போது அதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

ஆனால் ஒரே ஒரு மெயில் எங்கள் குழுவுக்குள் நல்ல சண்டையைக் கிளப்பிவிட்டது. நன்றி அதில் ஒரு வரிதான். மீதி முழுக்க, காலையில் பேசும்போது சொல்ல மறந்த ஒரு விஷயம். அதைக் கணக்கில் எடுக்கலாமா கூடாதா என்பதில் அன்றைக்கு இருந்த கருத்து வேறுபாடு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஸ்பின்னிங் மில் தெரியாதவர்களும் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் மில் சமாச்சாரம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மெயிலின் மதிப்பே அந்தச் சமாச்சாரத்தில்தான் இருக்கிறது.

வேலை, துணை ஸ்பின்னிங் மேனேஜர். குழுவில் ஜி.எம்., ஹெச்.ஆர். மேடம், ஸ்பின்னிங் பக்கத்துக்கு நான். வந்தவர் திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவர், முப்பது வயசு இருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. கண் சிவந்திருந்ததை மட்டும் அப்போது பார்த்தேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டேன்: உங்கள் ஷிஃப்ட்டில் வந்த ஒரு பெரிய பிரச்சினை, அதை எப்படிப் பிடித்தீர்கள், எப்படிச் சரி செய்தீர்கள்.

அவர் சொன்னது இது. ஐப்பசி மாதம், தீபாவளி முடிந்த வாரம், 40ஸ் கோம்டு நூல் ஓடிக்கொண்டிருக்கிறது. நூல் நூற்கும் மெஷினான ரிங் ஃபிரேமில் நூல் அறுவது திடீரென்று கூடிவிட்டது, அதுவும் இரவு ஷிஃப்ட்டில் மட்டும். இந்த அறுவதை நாங்கள், நூலைச் சுற்றும் நூறு ஸ்பிண்டிலுக்கு மணிக்கு எத்தனை என்று கணக்கு வைப்போம். வழக்கமாக 3 இருந்தது, இரவில் 7 ஆகிவிட்டது. கேட்க என்னவோ சின்ன எண்ணாகத்தான் தெரியும். 1,200 ஸ்பிண்டில் உள்ள ஒரு ஃபிரேமில், மணிக்கு 36 இடத்தில் அறுந்துகொண்டிருந்தது 84 இடத்தில் அறுகிறது என்று அர்த்தம். ஒரு சைடர் பல ஃபிரேம்களைப் பார்ப்பவர், ஓடி ஓடி ஒட்டினாலும் முடியாது, அறுந்த இடத்துப் பஞ்சை உறிஞ்சும் நியூமாஃபில் பெட்டியில் பஞ்சு குவிந்துகொண்டே போகும். இவர் டிராவலரைப் பார்த்திருக்கிறார். ரிங்கின் மேல் நூலோடு சேர்ந்து சுற்றுகிற அந்தச் சின்னக் கம்பி வளைவு தேய்ந்தால் நூல் அறும், எல்லா மில்லிலும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். மாற்ற வேண்டிய தேதிக்கு முன்பாகவே எல்லாவற்றையும் மாற்றினார், ஒரு நம்பர் லேசானதாகப் போட்டார், மேல் ரோலர்களை பஃபிங் செய்யக் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் மூன்றரைக்கு வந்துவிட்டது. நல்ல வேலைதான், ஒழுங்காகச் செய்திருக்கிறார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "சரி, ஏன் நைட்ல மட்டும்?"

"நைட் ஆளுங்க கொஞ்சம் அசந்துருவாங்க சார்."

அங்கேதான் போச்சு. என் படிவத்தில் காரணம் கண்டறிதல் என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டேன், பக்கத்தில் 'ஆள் மேல் போடுகிறார்' என்று எழுதினேன். டிராவலருக்குப் பகல் இரவு தெரியாது. டிராவலர்தான் காரணம் என்றால் பகலிலும் அறுந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, ஆள் அசந்தால் அறுந்த நூல் ஒட்டப்படாமல் நேரம் கூடக் கிடக்கும், சும்மா சுற்றும் ஸ்பிண்டில் கூடும். ஆனால் புதிதாக அறுவது அவ்வளவு கூடாது. பஞ்சுத் தூசு பறந்து பக்கத்து நூலில் ஒட்டிக் கொஞ்சம் கூடலாம், 3 என்பது 7 ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாத ஒருவரைத் துணை மேனேஜராகப் போட்டால் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு சைடருக்கு மெமோ வரும், மில்லில் ஆள் நிற்காது. எங்களுக்கு ஏற்கெனவே ஆள் நிற்பதில்லை. ஜி.எம்.மும் அதே இடத்தில் தலையை ஆட்டினார். அடுத்து வந்த ராஜபாளையத்துக்காரர் நிதானமாக, எல்லாவற்றுக்கும் பொருத்தமாகப் பதில் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது முடிவு கிட்டத்தட்ட ஆகிவிட்டது.

நாலரை மணி மெயில்

ஹெச்.ஆர். மேடத்துக்குத்தான் அது வந்தது. இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி மேடம் அனுப்பிய மெயிலுக்கே திண்டுக்கல்காரர் பதிலாகப் போட்டிருந்தார். வேறு யாருடைய மெயில் விலாசமும் அவரிடம் இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. வழக்கமாக இப்படி வருவது ஃபைலுக்குள் போய்விடும். இதில் 'ஸ்பின்னிங் சார் கேட்ட கேள்விக்கு' என்று முதல் வரியிலேயே இருந்ததால் மேடம் எனக்கு அனுப்பி வைத்தார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆங்கிலத்தில் இருந்தது, எங்கள் ஆங்கிலம். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"இன்று காலை பேசியதற்கு நன்றி. இரவில் மட்டும் ஏன் பிரேக் கூடியது என்று ஸ்பின்னிங் சார் கேட்ட கேள்விக்கு நான் ஆட்களைக் காரணம் சொன்னேன். ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பாததால் அந்த வாரம் இரவு ஷிஃப்ட்டில் 16 ஃபிரேமில் 6 நின்றிருந்தது. மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு ஷெட்டில் அளந்தபோது டிரை பல்ப் 28, வெட் பல்ப் 23.5. அதாவது ஈரப்பதம் 69 சதவீதம் வாக்கில். பகலில் 32, 24.5 இருந்தது. அறுந்த இடங்களில் பாதிக்கு மேல் மேல் ரோலரில் லேப்பிங். ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டில் ஒரு ஸ்ப்ரே பம்பை நிறுத்தச் சொன்னேன், இரண்டு மணி நேரத்தில் லேப்பிங் குறைந்தது. டிராவலர் மாற்றியதும் அதே வாரம், ஆட்கள் திரும்பி எல்லா ஃபிரேமும் ஓடியதும் அதே வாரம். அதனால் டிராவலர் மாற்றியதால் குறைந்தது என்று காலையில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ரீடிங் எழுதிய லாக் புக் மில்லில் இருக்கிறது, வெளியே எடுக்க முடியாது. கேட்பதற்கு ஏதாவது இருந்தால் போனில் சொல்கிறேன்."

இவ்வளவுதான். கீழே பெயர், போன் நம்பர். இணைப்பு எதுவும் கிடையாது.

இதில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பல்ப் கணக்கு இரண்டும் டிகிரிதான், டிரை பல்ப் சாதாரணத் தெர்மாமீட்டர், வெட் பல்ப் என்னவென்று பின்னால் வரும். பஞ்சு நூற்கும் ஷெட்டில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குள் வைக்கப் பார்ப்போம். குறைந்தால் மின்னேற்றம் ஏறி இழைகள் சிலிர்த்துக்கொள்ளும், கூடினால் இழைகள் நூலாகாமல் ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அதுதான் லேப்பிங். பிளாண்டில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய காற்றை மேலிருந்து ஷெட்டுக்குள் விடுவோம். விடும்போது கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு இருக்கும், ஷெட்டுக்குள் மெஷின் சூட்டில் காற்று சூடாகச் சூடாக ஈரப்பதம் இறங்கும். மழைக்கால இரவில் பிளாண்டிலிருந்து காற்று 22 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 32 வரை சூடானால் ஈரப்பதம் 55, 56-க்கு வந்து நிற்கும், சரியான இடம். 28 வரைதான் சூடாகிறது என்றால் 70-இல் நிற்கும். காற்றில் தண்ணீர் கூடவே இல்லை, சூடு மட்டும்தான் குறைந்திருக்கிறது. சூடு எங்கிருந்து வருகிறது? ஓடுகிற ஃபிரேம்களின் மோட்டாரிலிருந்து. ஆள் இல்லாமல் ஃபிரேமை நிறுத்தினால் அந்த அளவுக்குச் சூடு போயிற்று. பிளாண்டுக்காரரோ வழக்கம்போல இரண்டு பம்பையும் ஓட்டிக்கொண்டிருக்கிறார், ஃபிரேம் நின்றது அவருக்கு யார் சொல்வது?

மெயிலைப் படித்ததும் ஒரு பழைய டாஃப் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 ஃபிரேம் ஓடும்போது 22-லிருந்து 32, பத்து டிகிரி ஏறுகிறது. 10 ஃபிரேம்தான் ஓடினால் அதே விகிதத்தில் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் ஏற வேண்டும், 28 டிகிரிச் சொச்சம். அவர் எழுதியிருந்தது 28. நான் எடுத்துக்கொண்ட 22 டிகிரிகூடச் சும்மா எடுத்ததில்லை. அவர் கொடுத்த இரண்டு ஜோடி ரீடிங்கையும் சார்ட்டில் வைத்துப் பார்த்தால் பகலும் இரவும் காற்றில் உள்ள தண்ணீர் ஏறக்குறைய ஒன்றேதான், இரண்டும் 22 டிகிரிக்குக் கொஞ்சம் இப்படி அப்படியாகத்தான் பனி இறங்கும் நிலைக்குப் போகின்றன. இந்தக் கணக்கு எதையும் அவர் மெயிலில் எழுதவில்லை, அவருக்குத் தெரியுமா என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. கதை கட்டுகிறவர் நான்கு எண்ணை எழுதினால் அவை தமக்குள் இப்படி ஒத்துப்போகாது. அந்த ரீடிங் அந்த ஷெட்டில் எடுத்ததுதான் என்று எனக்கு அந்த இடத்தில் முடிவாகிவிட்டது.

அதைவிட என்னைப் பிடித்து உட்கார வைத்தது டிராவலரைப் பற்றி எழுதிய வரி. காலையில் தன் சாதனையாகச் சொன்னதை மாலையில் தானே பாதியாக்கிவிட்டார். நன்றி மெயில் போடுகிற யாரும் தன் மார்க்கைக் கூட்டிக்கொள்ளத்தான் போடுவார்கள். இவர் ஒரு பக்கம் கூட்டி, இன்னொரு பக்கம் குறைத்திருந்தார், குறைத்ததை யாரும் கேட்கவும் இல்லை. அவர் எழுதாமல் விட்டிருந்தால் டிராவலர் கதை அப்படியே நின்றிருக்கும், நாங்கள் அதை நம்பியிருப்போம்.

சண்டை

ஜி.எம். படித்துவிட்டுச் சிரித்தார். "வீட்டுக்குப் போய் யாரையாச்சும் கேட்டிருப்பானுங்க. இவனுக்குச் சொல்லிக்கொடுக்க திண்டுக்கல்ல ஆளா இல்லை?" சந்தேகம் நியாயமானதுதான். காலையில் தெரியாதது மாலையில் தெரிந்தால் நடுவில் புத்தகமோ போனோ இருந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மறந்ததற்கும் தெரியாமல் இருந்ததற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை, இரண்டிலும் அந்த நேரத்தில் வாயிலிருந்து வந்தது ஒன்றுமில்லை. ஆனால் எழுதி வருகிறபோது வித்தியாசம் தெரியும் என்பது என் எண்ணம். கேட்டு எழுதுகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவார். ஈரப்பதம் 55 முதல் 60 இருக்க வேண்டும், பிளாண்டை அடிக்கடி சரிபார்க்க வேண்டும், ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். செய்தவர் எப்படி இருந்தது என்று எழுதுவார். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை ஃபிரேம், எது இன்னும் தெரியவில்லை. கேட்டு எழுதுகிறவருக்குத் தெரியாத பகுதி என்று ஒன்று இருக்காது, பதில் முழுசாகத்தான் இருக்கும். அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஹெச்.ஆர். மேடம் சொன்ன ஆட்சேபணை இதைவிடக் கனமானது. "சார், அவர் சொன்னது உண்மையாவே இருக்கட்டும். ராஜபாளையத்துக்காரருக்கு இந்த வாய்ப்பைக் கொடுத்தோமா? இவர் மெயில் போட்டார், அவர் போடலை. மெயில் போடத் தெரிஞ்சவருக்கு ஒரு மார்க்னு ஆகிடுமே." இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. எங்கள் தொழிலில் மெயில் எழுதத் தயங்குகிறவர்கள்தான் அதிகம், அவர்களில் கெட்டிக்காரர்களும் அதிகம். எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே படிவம் என்று நாங்கள் வைத்திருப்பதே முகத்தையும் பேச்சையும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்றுதான். பின்வாசல் வழியாக வந்த ஒரு காகிதத்தைப் பார்த்துப் படிவத்தில் இரண்டை அடித்து நான்கு போட்டால் படிவம் எதற்கு?

ஆனால் அதே நியாயத்தை இன்னொரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று நான் வாதாடினேன். ராஜபாளையத்துக்காரர் அப்போது வேலையில் இல்லை, முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். இவர் எட்டு மணி நேரம் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் நின்று வந்தவர். அவருடைய மில்லில் லீவு கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள், சொல்ல முடியாது. ஓடுகிற மில்லிலிருந்து ஆள் எடுப்பதென்றால் வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வருவார்கள். பதினோரு மணிக்கு எங்கள் ஏ.சி. அறையில் அவருக்கு என்ன ஞாபகம் வந்தது என்பதை அளந்தால், நாங்கள் தூக்கத்தைத்தான் அளக்கிறோம். மேடம் இதை ஒப்புக்கொண்டார், ஆனால் மெயிலுக்கு மார்க் கிடையாது என்பதை விடவில்லை. கடைசியில் வழியும் அவர்தான் சொன்னார். மெயிலை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்வது. இருவருக்கும் மறுநாள் சாயங்காலம் பத்து நிமிடம் போன், இருவரிடமும் நேற்றுச் சொல்ல விட்டுப்போனது ஏதாவது உண்டா என்ற ஒரே கேள்வி. பழைய மார்க்கைத் தொடக் கூடாது, போனில் வந்ததைத் தனியாக எழுதுவது.

போன்

இவரைத்தான் முதலில் கூப்பிட்டோம், ஸ்பீக்கரில் போட்டு. ஜி.எம். தன் சந்தேகத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்காமல், அந்த இரவு 2 மணி ரீடிங்கை எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"முதல்ல செவுத்துல மாட்டியிருக்கிற மீட்டரைத்தாங்க சார் பார்த்தேன். அதுல 80 காட்டுச்சு. அவ்வளவு இருக்காதுன்னு கிட்டப் போய்ப் பார்த்தா வெட் பல்ப் திரி கறுத்துப்போய் அழுக்கு ஏறிக் கெடந்துச்சு. துணியை மாத்திட்டு, அப்புறம் சுத்துற மீட்டரை எடுத்துட்டு வந்து ஃபிரேமுக்கு நடுவுல நின்னு சுத்திப் பார்த்தேன். மூணு இடத்துல எடுத்தேன். ஈரக் காத்து வர்ற டக்ட்டுக்கு நேர் கீழே எடுக்கலை, அங்க எடுத்தா கூடத்தான் காட்டும்."

ஜி.எம். என்னைப் பார்த்தார். வெட் பல்ப் என்பது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர். துணியில் தண்ணீர் ஆவியாகி அது குளிர்வதை வைத்துத்தான் ஈரப்பதத்தைக் கணக்கிடுகிறோம். துணி அழுக்கேறினாலோ காய்ந்தாலோ சரியாகக் குளிராது, இல்லாத ஈரப்பதத்தை இருப்பதாகக் காட்டும். ஷெட்டில் பறக்கிற பஞ்சுத் தூசிக்கு அந்தத் துணி சீக்கிரமே பாழாகிவிடும், பாதி மில்களில் மாற்ற மாட்டார்கள். தன் யூகத்துக்குச் சாதகமாக மீட்டர் 80 காட்டும்போது அதைச் சந்தேகப்பட்டுத் துணியை மாற்றிவிட்டு மறுபடி அளந்தார் என்பது, திண்டுக்கல்லில் யாரும் போனில் சொல்லிக்கொடுத்து வருகிற விஷயமில்லை. சொல்லிக்கொடுக்கிறவருக்கு இந்த 80 எதற்கு?

அடுத்து ஜி.எம். கேட்டார், பம்பை நிறுத்தினால் வைண்டிங் பக்கம் காய்ந்துபோகாதா என்று. ரிங் ஃபிரேமைவிட, நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங்கில் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஈரம் வேண்டும், கொக்கி போடுகிற கேள்வி. "அந்த பிளாண்ட் வேறங்க சார், எங்களுக்கு ரெண்டும் தனி" என்றார். "ஒண்ணா இருந்திருந்தா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஃபேன் ஸ்பீடைத்தான் குறைச்சுப் பார்த்திருக்கணும், செஞ்சதில்லைங்க" என்றார். செய்யாததைச் செய்யவில்லை என்று சொன்னது அதே மெயிலின் தொனி. பிளாண்டிலிருந்து வரும் காற்றின் அளவைக் குறைத்தால் மீதி ஃபிரேமின் சூடே அந்தக் காற்றை 32-க்குக் கொண்டுபோகும், அதுதான் சரியான வழியும்கூட. யோசித்துச் சொன்னாலும் சரியாகச் சொன்னார்.

கடைசியாக நான், நைட் ஆட்கள் அசந்துவிடுவார்கள் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்குக் கொஞ்சம் தயங்கி, அங்கே இருக்கிற மேனேஜர் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதச் சொன்னார், எழுதி எழுதி அதுவே வாயில் வந்துவிட்டது என்றார். நான் மேலே கிளறவில்லை. வேறு மில் விஷயம்.

ராஜபாளையத்துக்காரரையும் கூப்பிட்டோம். சேர்ப்பதற்கு எதுவும் இல்லை, எல்லாம் சொல்லிவிட்டேன் என்றார், உண்மையிலேயே அவர் எல்லாவற்றையும் நன்றாகத்தான் சொல்லியிருந்தார். அவருக்கு இதில் நட்டம் இல்லை, லாபமும் இல்லை. முதல் நாள் மார்க்கில் அவர் முன்னால் இருந்தார், இப்போதும் அந்தத் தாளில் அவர்தான் முன்னால். போன் குறிப்பையும் சேர்த்துப் பார்த்து நாங்கள் திண்டுக்கல்காரரை எடுத்தோம். ஜி.எம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறிப்புப் பகுதியில் 'தொலைபேசி உரையாடலின் அடிப்படையில்' என்று எழுதி 'தொலைபேசி' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். மெயிலுக்கு ஒரு மார்க்கும் கொடுக்கவில்லை என்பது பதிவாக வேண்டுமாம்.

இதற்குப் பிறகு எங்களிடம் ஒரு சின்ன மாற்றம் வந்தது. இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும்போது எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம்: கேட்டதில் ஏதாவது சொல்ல விட்டுப்போயிருந்தால் நாளை மத்தியானத்துக்குள் மேடத்துக்கு மெயிலோ வாட்ஸப்போ போடுங்கள், ஒரே ஒரு விஷயம், தமிழிலும் எழுதலாம், வாய்ஸ் மெசேஜும் சரி. மெயில் எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் கதவு திறக்கிறது என்ற மேடத்தின் கவலை இதனால் பாதி தீர்ந்தது. வருவதில் பெரும்பாலானவை இன்னும் பொன்னான நேரம்தான். ஒருவர் காலையில் சொன்ன நான்கு பதிலையும் திருத்தி இரண்டு பக்கத்துக்கு எழுதி, கூடவே பவர்பாயிண்ட்டும் வைத்திருந்தார். அதில் ஒன்று நிஜமாகவே நல்ல பாயிண்ட், மூன்றாவது பத்தியில் கிடந்தது, மற்ற மூன்றும் சேர்ந்து அதை மூழ்கடித்துவிட்டன. நான்கு பதிலையும் திருத்த வேண்டியிருந்தால் மறந்தது அவ்வளவா என்ற கேள்விதான் மிஞ்சுகிறது. இன்னொருவர் வாய்ஸ் மெசேஜில், சொல்ல மறந்தது, அங்கே பாண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வர மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவும் முக்கியமான விஷயம்தான். இப்போது சொன்னதால்தான் பிழைத்தது, ஆர்டர் அடித்த பிறகு சொல்லியிருந்தால் எங்கள் எம்.டி. காகிதத்தைக் கிழித்திருப்பார்.

எழுத நினைப்பவர்கள் நேரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். எங்கள் மில்லில் மார்க் தாள் மறுநாள் சாயங்காலம் எம்.டி. மேஜைக்குப் போய்விடும், வேறு இடங்களில் அன்றைக்கே போய்விடும். திண்டுக்கல்காரர் பஸ்ஸிலேயே போனில் தட்டியிருக்கிறார், ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் தூங்கி எழுந்து இன்னும் அழகாக எழுதியிருந்தால் தாள் போய்ச் சேர்ந்திருக்கும், நான் படித்துவிட்டு அடடா என்று சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் செய்திருக்க முடியும். கன்சல்டன்சி மூலமாக வருகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கம்பெனியோடு நேரடியாகப் பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பார்கள், மெயில் அவர்கள் கையில் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடும். அப்படி இருந்தால் அறையை விட்டு எழுந்திருக்கும் முன்பே, ஏதாவது விட்டுப்போயிருந்தால் யாருக்கு அனுப்பலாம் என்று நேராகவே கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் ஜி.எம். கோபித்துக்கொள்ளலாம், ஆனால் விலாசத்தைக் கொடுக்கப்போவது மேடம்தானே.